மாதிரி வீட்டில் இல்லாத கதவு

வீடு விற்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் என்பது டீச்சரின் தீர்மானம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு சொல்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். “பண்ணிக்கலாம்.” படி உயரமாக இருக்கிறதே என்றால் பண்ணிக்கலாம். லிஃப்ட் சின்னதாக இருக்கிறதே என்றால் பண்ணிக்கலாம். பக்கத்து மனையில் என்ன வரப்போகிறது என்று கேட்டால்கூட பண்ணிக்கலாம் என்றுதான் பதில் வரும். யார் பண்ணுவார்கள், எப்போது பண்ணுவார்கள் என்று கேட்டால் மட்டும் அவர்களுக்கு போன் வந்துவிடும்.

டீச்சர் கேட்டதெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கணவர் யார் கையையும் பிடிக்காமல் பாத்ரூமுக்குப் போய்வர வேண்டும். அவ்வளவுதான். கம்பத்தில் ஏறி வேலை பார்த்த மின்சாரக்காரர் அவர். ஒரு நாள் கம்பத்திலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிக்சி, ஃபேன், அயர்ன்பாக்ஸ் என்று தெருவில் பழுதான எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிறார். ஆனால் குடியிருந்த வாடகை வீட்டின் பாத்ரூம் வாசலில் நாற்காலி நுழையாது. டீச்சர்தான் அவரைத் தூக்கி, உள்ளே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் மாற்றி உட்காரவைக்க வேண்டும். அதற்காகவே மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவருவாள்.

அவள் வரும்வரை தாங்க வேண்டுமே என்று அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. காலையில் நிரப்பி வைத்த பாட்டில் மதியம் அப்படியே நிரம்பியிருப்பதை அவள் பார்ப்பாள், பார்க்காததுபோல எடுத்து வைப்பாள். அந்தப் பாட்டிலைப் பார்த்துப் பார்த்துத்தான் சொந்த வீடு வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன இடம் நகரத்தின் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடம். கூட டீச்சரின் தம்பியும் வந்திருந்தான். வீடு பார்ப்பதில் தான் ஒரு புலி என்று அவனுக்கு நினைப்பு. எந்தச் சுவரைக் கண்டாலும் விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டிப் பார்த்து, “ம்ம்” என்று தலையை ஆட்டுவான். அந்த “ம்ம்”முக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியாது என்பது டீச்சரின் எண்ணம்.

விற்பனை அலுவலகத்தில் அவர்களை வரவேற்றவள் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண். இடுப்பில், மற்றவர்கள் செல்போன் செருகும் இடத்தில், அளவு டேப் ஒன்றைச் செருகியிருந்தாள். அங்கே எல்லோரும் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஜில்லென்று தண்ணீர் வந்தது. தம்பி ஒரே மூச்சில் குடித்தான். டீச்சரும் குடித்தாள். கணவர் மட்டும் புன்னகையோடு கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

டேப் அக்கா அவரைப் பார்த்தாள். வெளியே அடித்த வெயிலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே, அவர் முகமட்டத்துக்கு உட்கார்ந்தாள்.

“சார், காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் வீட்டுக்குள்ள என்னென்ன செய்வீங்க? மெதுவாச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதுவரை பார்த்த அத்தனை பேரும் அவர் தலைக்கு மேலாக அவளிடம்தான் பேசினார்கள். “சாருக்கு எத்தனை ரூம் வேணும்?” என்று, சார் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே. இவள் அவரிடமே கேட்கிறாள். அவரும் சொல்லிக்கொண்டே போகிறார். ஜன்னலோரம் மேஜை, சால்டரிங் வேலைக்கு நல்ல வெளிச்சம், சாமான் கொண்டு வருகிறவர்கள் நிற்க வாசலருகே கொஞ்சம் இடம். பாத்ரூமைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. இதுவும் ஒரு வித்தைதான், நாக்கில் தேன் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று டீச்சர் மனத்துக்குள் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டாள்.

பிறகு மாதிரி வீட்டைப் பார்க்கப் போனார்கள். அது அலுவலகத்தை ஒட்டித் தரைமட்டத்திலேயே, வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று அலங்கரித்து வைத்த வீடு. கணவரின் நாற்காலி கூடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. படுக்கையறைக்குள் போனார், திரும்பினார், சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியாகப் பாத்ரூம் வாசல். ஒரு கணம் தயங்கி, இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளினார். எதுவும் இடிக்காமல் நேரே உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. “அடியே! உள்ள வந்துட்டேன்!”

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி பாத்ரூம் சுவரை டொக் டொக் என்று தட்டி, “ம்ம்” என்றான். “அக்கா, இதுக்கு மேல என்ன பாக்கறது? இன்னைக்கே முன்பணம் கொடுத்து முடிச்சிடலாம். மாமா மூஞ்சியப் பாரு!”

டீச்சர் கைப்பையைத் திறந்தாள். அப்போதுதான் டேப் அக்கா குறுக்கே வந்தாள்.

“டீச்சர், இன்னைக்கு எதுவும் கொடுக்காதீங்க. முதல்ல இந்த வாசலக் கொஞ்சம் பாருங்க. இதுல என்ன இல்ல?”

மூன்று பேரும் பார்த்தார்கள். நல்ல வாசல். ஓரமெல்லாம் பளபளவென்று மரப்பட்டி அடித்திருந்தது. என்ன இல்லை?

“கதவு இல்ல,” என்றார் கணவர் மெதுவாக.

“ஆமா சார். கதவும் இல்ல, நிலையும் இல்ல. மாதிரி வீட்டுல பாதி இடத்துல கதவு வைக்க மாட்டாங்க. இடம் தாராளமாத் தெரியணும்ல? அந்தக் கட்டிலும் அப்படித்தான், வழக்கமான நீளம் கிடையாது. நெசமான வீட்டுல இந்த வாசல்ல நிலை வரும், கதவு வரும். கதவு தொறந்து நின்னா அதோட தடிமனும் உள்ள வரும். மிச்சம் இருக்கற வழியில உங்க வண்டி போகுமாங்கறது எனக்கு சந்தேகம்.”

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“அப்புறம் எதுக்கும்மா எங்களுக்கு இதக் காட்டினீங்க? அவரு சந்தோஷப்பட்டதப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் டீச்சர். பாத்ததனாலதான் சொல்றேன்.” டேப் அக்காவின் குரல் சற்று இறங்கியது. “இது கம்பெனி கட்டி வெச்சிருக்கற அலங்காரம். நீங்க குடியிருக்கப் போற வீடு அங்க மேல இருக்கு. வாழ்நாள்ல ஒரு தடவை வாங்கற சாமான். அதப் பாக்காம வாங்காதீங்க.”

டீச்சர் போட்ட பூட்டு அப்போது திறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் சாவி உள்ளே போய்விட்டது.

டேப் அக்கா மறுபடி கணவர் பக்கம் திரும்பினாள். “உங்க வண்டிய அளந்துக்கலாமா சார்?” அவர் தலையசைத்ததும் டேப்பை இழுத்தாள். நாற்காலியை மட்டும் அளந்து நிறுத்தவில்லை. “கைய சக்கரத்து மேல வெச்சுக்குங்க. தள்ளற மாதிரியே. ம், விரல் முட்டிய உள்ள இழுக்காம.” விரல் முட்டியிலிருந்து விரல் முட்டிவரை அளந்தாள். “வண்டி மட்டும் போனாப் பத்தாதுல்ல. கையும் சேர்ந்து போகணும்.”

அதைக் கேட்டதும் டீச்சருக்கு நெஞ்சுக்குள் எதுவோ இளகியது. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலி விற்ற கடைவரைக்கும் இந்த மனுஷனின் கைமுட்டிகளைப் பற்றி இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. தேய்ந்து காய்த்துப்போன அந்த முட்டிகளுக்கு அவள் தினமும் எண்ணெய் தடவிவிடுகிறாள்.

கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. சாமான் ஏற்றும் தூக்கியில் ஆள் ஏறக் கூடாது. அதனால் கணவர் கீழே வண்டி நிறுத்தும் தளத்தில் காத்திருக்க, டீச்சரும் தம்பியும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டேப் அக்காவின் பின்னால் படியேறினார்கள். ஹெல்மெட் போட்டதும் தம்பிக்குத் தான் ஒரு இன்ஜினீயர் ஆகிவிட்டதுபோல நடையே மாறிவிட்டது.

இடதுபக்க வரிசை வீடுதான் எல்லோரும் கேட்பது. காலை வெளிச்சம், நல்ல காற்று, பால்கனியிலிருந்து மரங்கள். பூசாத சுவர்களுக்கு நடுவே பாத்ரூம் வாசல் குறுகலாக நின்றது. டேப் அக்கா அளந்தாள்.

“முப்பது அங்குலம். நிலை போயி, கதவோட தடிமன் போயி இருபத்தாறு வந்தா அதிகம். சாரோட கை நுழையாது.”

“பக்கத்துல கொஞ்சம் இடிச்சுப் பெருசாப் பண்ணிக்கலாமே,” என்றான் தம்பி.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, அந்தச் சொல். இப்போது இவளும் சொல்லப்போகிறாள்.

“முடியாது,” என்றாள் டேப் அக்கா. “இந்தப் பக்கம் கான்கிரீட் சுவர், அந்தப் பக்கம் பில்லர். ரெண்டும் கட்டடத்தத் தாங்குது. யாராவது இடிக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. நானே சொன்னாலும் நம்பாதீங்க.”

தம்பி கான்கிரீட் சுவரைத் தட்டினான். சத்தமே வரவில்லை. விரல்தான் வலித்தது. முதல்முறையாக அவன் “ம்ம்” சொல்லவில்லை.

அந்த வீடு கைநழுவிப் போனதில் டீச்சருக்குத் துக்கம்தான். ஆனால் எத்தனையோ “பண்ணிக்கலாம்”களுக்குப் பிறகு ஒரு “முடியாது” காதில் விழுந்ததில் ஒரு விசித்திரமான நிம்மதியும் இருந்தது. முடியாது என்று சொல்லத் தெரிந்தவள் முடியும் என்று சொன்னால் அதை நம்பலாம் அல்லவா?

டேப் அக்கா அவர்களை வலதுபக்க வரிசைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பாத்ரூம் வாசலின் ஒரு பக்கம்தான் பில்லர். மறுபக்கம் பாரம் தாங்காத வெறும் பிளாக் சுவர்.

“இங்க முடியும்னு நினைக்கறேன். ஆனா அது என் வாயால சொல்ற விஷயம் இல்ல.” சைட் இன்ஜினீயரைப் போனில் கூப்பிட்டாள். தூசி படிந்த சட்டையோடு வந்த அந்த இளைஞன் வாசலின் மேல்பக்கத்தைப் பார்த்தான், வரைபடத்தை விரித்துப் பார்த்தான்.

“பண்ணலாம் மேடம். ஆனா வாசல அகலப்படுத்தினா மேல சுவரத் தாங்கற லிண்டல் கட்டையோட நீளம் பத்தாது. அத எடுத்துட்டு நீளமா வேற போடணும். பூச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லணும். மூணடிக் கதவு வைக்கலாம்.”

“கதவு வெளிப்பக்கம் தொறக்கணும்,” என்றாள் டேப் அக்கா. “உள்ள அவரு ஒருவேளை விழுந்துட்டா, உள்பக்கம் தொறக்கற கதவு அவரு மேலயே இடிச்சு மாட்டிக்கும். அப்புறம், வாசல்ல மேடு வேணாம். தண்ணி வெளிய வராதபடி தரைச் சரிவ உள்பக்கமா வைங்க. வாஷ்பேசின வெளிய கொண்டுவந்துட்டா உள்ள வண்டி திரும்பும்ல?”

இன்ஜினீயர் கணக்குப்போட்டுவிட்டுத் திரும்பும் என்றான்.

டீச்சர் மலைத்துப்போய் நின்றாள். விழுந்துவிட்டால் என்ற நினைப்பு அவளுக்கு ராத்தூக்கத்தில்கூட வருகிற நினைப்பு. அதை இன்னொருத்தியும் நினைத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்து ஒரு மணிநேரம்கூட ஆகாத ஒருத்தி.

“இந்த வீட்டோட குறையையும் கேட்டுக்குங்க,” என்றாள் டேப் அக்கா. “மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா இந்த ரூம்ல அடிக்கும். பால்கனியில நின்னா ஜெனரேட்டர் ஷெட்தான் தெரியும். கரண்ட் போனா சத்தமும் கேக்கும். லிஃப்டுக்கு அதே ஜெனரேட்டர்தான், அது ஒரு நல்லது. ஆனா சத்தம் சத்தம்தான்.”

“விக்கத்தானே வந்திருக்கீங்க?” என்று தம்பி கேட்டேவிட்டான்.

“விக்கத்தான் வந்திருக்கேன் தம்பி. குடிவந்த பிறகு நீங்க என்னைத் திட்டக் கூடாதுல்ல. இதே கேட் வழியாத்தானே நானும் தினம் போய்வரணும்?”

கீழே இறங்கியபோது கணவர் தூணோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் டேப் அக்கா பையிலிருந்து சாக்பீஸை எடுத்துவிட்டாள். வெறும் சிமென்ட் தரையில் மண்டியிட்டு, டேப்பைப் பிடித்துப் பிடித்து அந்தப் பாத்ரூமை முழு அளவில் வரைந்தாள். சுவர் இங்கே, குழாய் இங்கே, உட்காரும் இடம் இங்கே, அவரே பிடித்து மாறி உட்காரக் கம்பி இங்கே. தம்பியை ஏவிப் பிளாக் கற்களைத் தூக்கிவரச் செய்து வாசலின் இரண்டு பக்கமும் அடுக்கினாள். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த அவன் பாடு திண்டாட்டம்தான். ஆனால் முணுமுணுக்காமல் சுமந்தான்.

“சார், முதல்ல இப்ப இருக்கற அளவு. போய்ப் பாருங்க.”

அவர் தள்ளினார். கற்களில் விரல் முட்டி உரசியது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த உரசல் அவருக்குப் பழகியது, அவர் முகமும் பழைய முகமாகிவிட்டது.

டேப் அக்கா ஒரு பக்கக் கற்களை நகர்த்தி, மறுபடி அளந்தாள். “இது இன்ஜினீயர் கொடுக்கறேன்னு சொன்ன அளவு. நிலை, கதவு எல்லாம் கழிச்சுத்தான் வெச்சிருக்கேன். இப்பப் போங்க.”

அவர் போனார். கைகள் எதிலும் படவில்லை. சாக்பீஸ் கோடுகளுக்குள் திரும்பினார். ஒரு சக்கரம் கோட்டைத் தொட்டது. டேப் அக்கா உடனே குனிந்து பார்த்து, “இது சுவர், இங்க இடிக்குது. இன்னொரு தடவை, கொஞ்சம் பின்னால போய்த் திரும்புங்க,” என்றாள். இரண்டாம் தடவை சுத்தமாகத் திரும்பி வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே. புது சைக்கிள் கிடைத்த சிறுவன் மாதிரி போய்ப் போய் வந்தார். டீச்சர் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குள் அலுவலக வாசலில் மேலாளர் தலை தெரிந்தது. டேப் அக்காவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். இடதுபக்க வீட்டை அரை மணியில் முடித்திருக்க வேண்டியதுதானே, மாதிரி வீட்டின் கதவைப் பற்றி அவர்களாகவா கேட்டார்கள் என்ற சொற்கள் டீச்சரின் காதிலும் விழுந்தன.

“அவங்க கேக்கல சார்,” என்றாள் டேப் அக்கா. “கேக்கத் தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாங்க.” இதைப் பணிவாகத்தான் சொன்னாள். மேலாளர் உள்ளே திரும்பிப் போனார்.

டீச்சர் நேரே அவளிடம் போனாள். “வலதுபக்க வீட்டையே எடுத்துக்கறோம். இப்பவே முன்பணம் கொடுக்கறேன்.”

“வேணாம் டீச்சர். வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. சாயங்கால வெயில்ல ஒரு தடவை வந்து அந்த ரூம்ல நின்னு பாருங்க. பத்திரத்த உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல்கிட்டக் காட்டுங்க, நாங்க சொல்ற வக்கீல்கிட்ட இல்ல. வாசல் அகலம், கதவு தொறக்கற பக்கம், தரைச் சரிவு எல்லாம் வரைபடத்துல ஏறி, இன்ஜினீயர் கையெழுத்தோட ஒப்பந்தத்துல சேர்ந்த பிறகு கொடுங்க.”

“உங்க வாய் வார்த்தையே போதும்மா எனக்கு.”

“நான் நாளைக்கு வேற வேலைக்குப் போயிட்டா, என் வாயும் என்கூட வந்துடும். கதவு இங்கதான இருக்கணும்?”

அவள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. டீச்சர் சாயங்கால வெயிலில் வந்து அந்த அறையில் வியர்த்து நின்றாள். கெட்டித் திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தாள். வக்கீல் படித்தார். ஒப்பந்தத்தில் வாசல் ஏறியது. பூச்சுக்கு முன்னால் டேப் அக்காவே போன் செய்து, “லிண்டல் மாத்திட்டாங்க. வந்து கண்ணால பாருங்க,” என்றாள். தம்பி போய்ப் பார்த்தான். இந்த முறை அவன் சுவரைத் தட்டவில்லை. சொந்தமாக ஒரு டேப் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. லிஃப்டில் கணவரே பொத்தானை அழுத்தினார். டேப் அக்கா வீட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தம்பி வாங்கிவந்த தண்ணீர் பாட்டில்களை எல்லோருக்கும் நீட்டினான். பழக்கதோஷத்தில் மாமாவை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

“டேய், எனக்கு?” என்றார் அவர்.

வாங்கினார். மூடியைத் திருகினார். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவதை டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். வெறும் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஜன்னல்களைப் பார்த்தார், மேஜை போடப்போகும் இடத்தைப் பார்த்தார், ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்து, “நாளைக்கு அது ரிப்பேரானா என்கிட்டத்தான் வரணும்,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி பாத்ரூம் பக்கம் திரும்பியது. டீச்சர் தன்னையறியாமல் பின்னாலேயே இரண்டடி வைத்தாள். இத்தனை வருடப் பழக்கம், கைகள் தாமாகவே அவர் அக்குளை நோக்கி நீண்டன. அவர் கதவைத் திறந்தார், உள்ளே போனார், கைப்பிடியைப் பற்றி இழுத்துச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

நீட்டிய கைகளோடு டீச்சர் மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டேப் அக்கா பக்கத்தில் வந்து அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள்.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து ஒரு கம்பீரமான குரல்.

“நான்தாங்க.”

“உள்ள ஆள் இருக்கு!” என்றார் அவர்.